ரவுண்ட் ராபின்: லீவில் இருப்பவரின் முறை யாருக்குப் போகுது?

இந்த எபிசோடுக்கு நான் முதலில் வேற தலைப்பு வச்சிருந்தேன். ஆனா போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணி, "எங்க சேல்ஸ் டூல்ல ஒரு பையனுக்கு மட்டும் லீடு டபுளா போகுது, ஏன்னே தெரியல"ன்னு சொன்னார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வந்தது. ஏன்னா இதே வேலையில் நான் அடுத்தடுத்து மூணு தப்பு பண்ணியிருக்கேன். அதில் மூணாவது தப்பால் ஒரு பொண்ணோட வேலையே ஆட்டம் கண்டது. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

முதலில் லீடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஒரு கம்பெனியோட வெப்சைட்டில் ஒருத்தர் "எனக்கு விவரம் வேணும், கூப்பிடுங்க"ன்னு பெயரும் நம்பரும் கொடுத்தா, அது ஒரு லீடு. நான் முன்னாடி வேலை பார்த்த இடம், வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டுத் தர்ற கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு நாளைக்குச் சுமார் 40 லீடு வரும். அதைக் கூப்பிட்டுப் பேச சேல்ஸில் அஞ்சு பேர். வர்ற லீடை இவங்க அஞ்சு பேருக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுக்கணும். அதுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதணும். அது என் தலையில் விழுந்தது.

சமமாப் பிரிக்கிறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச வழி ரவுண்ட் ராபின். முதல் லீடு முதல் ஆளுக்கு, ரெண்டாவது ரெண்டாவது ஆளுக்கு, அஞ்சாவது முடிஞ்சா திரும்ப முதல் ஆள். எல்.கே.ஜி. குழந்தைக்கும் புரியும். அஞ்சு பேரும் தினமும் ஆபீஸுக்கு வந்து, யாரும் வேலையை விட்டுப் போகாம, யாரும் புதுசா சேராம இருந்தா இதுக்கு மேல பேசவே ஒண்ணும் இல்லை. எபிசோடை இங்கேயே முடிச்சுக்கலாம்.

ஆனா மனுஷங்க லீவு போடுவாங்க. புதுசா ஆள் சேருவாங்க. அப்போ ஒருத்தரைத் தாண்டிப் போகணும். தாண்டும்போது அவரோட முறை எங்கே போகுதுங்கறதுதான் முழுக் கதையும்.

அந்த அஞ்சு பேருக்கும் அ, ஆ, இ, ஈ, உ-ன்னு பெயர் வச்சுக்கலாம். வரிசையும் அதே வரிசைதான். நான் முதலில் எழுதினது இது. ஆடியோவில் கோடை வாசிச்சா கொடுமையா இருக்கும், அதனால் இந்தப் பக்கத்தில் போட்டிருக்கேன்:

```python
i = counter % 5
while on_leave(team[i]):
    i = (i + 1) % 5
assign(lead, team[i])
counter += 1
```

தமிழில் சொன்னா: இதுவரை எத்தனை லீடு வந்திருக்குன்னு ஒரு எண்ணிக்கை வச்சிருக்கேன். அதை அஞ்சால வகுத்து, மீதி என்ன வருதோ அந்த இடத்தில் இருக்கிற ஆளுக்கு லீடு. அவர் லீவில் இருந்தா அடுத்த ஆள். பார்க்க ரொம்ப நியாயமா இருக்கு இல்லையா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ரிவ்யூ பண்ணவரும் அப்படித்தான் நினைச்சார்.

இப்போ ஆ அஞ்சு நாள் லீவில் போறார்னு வைங்க. அஞ்சு நாளில் 200 லீடு. வேலையில் இருக்கிறது நாலு பேர், அப்போ ஆளுக்கு 50 வரணும். ஆனா என் புரோகிராம் என்ன செய்யுது? மீதி 0 வந்தா அ. மீதி 1 வந்தா ஆ, ஆனா அவர் லீவு, அதனால் இ. மீதி 2 வந்தா திரும்ப இ. மீதி 3-க்கு ஈ, மீதி 4-க்கு உ. அதாவது ஆ-வோட முறை மொத்தமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இ தலையில் விழுது. கணக்குப் பார்த்தா அ, ஈ, உ மூணு பேருக்கும் தலா 40. இ-க்கு மட்டும் 80.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, 40 வாங்கினவங்களுக்கு எதுவும் வித்தியாசமாத் தெரியாது. எப்பவும் வர்ற அதே எட்டு லீடு தினமும் வருது. "டீமில் ஒருத்தர் லீவு, ஆனா நமக்கு வேலை கூடலையே"ன்னு யார் வந்து புகார் சொல்லப்போறாங்க? இ மட்டும் மூச்சு முட்டிப்போவார். அவரும் "ஆ லீவு, அதனால் எல்லாருக்கும் வேலை கூடியிருக்கு போல"ன்னு நினைச்சுப்பார். என் நண்பர் போன் பண்ணிச் சொன்ன கதை இதுதான். அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "டபுளா வாங்குற பையனுக்கு லிஸ்டில் முன்னாடி இருக்கிறது யாரு?" பார்த்துட்டு வந்து சொன்னார், முன்னாடி இருக்கிறவங்க மகப்பேறு விடுப்பில் போயிருக்காங்களாம். நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடிச்சாங்க. இல்லைன்னா அந்தப் பையன் மாசக்கணக்கா ரெண்டு ஆள் வேலை பார்த்திருப்பான்.

இந்த வகுத்து மீதி பார்க்கிற பழக்கம் என் கண்டுபிடிப்பு இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் ரவுண்ட் ராபின் வேணும்னா ரொம்ப நாளா எல்லாரும் செய்யுற வழியும் இதேதான். ஒவ்வொரு லீடுக்கும் தானா ஏறிக்கிட்டே போற ஒரு எண் கொடுத்து, `MOD(VALUE(Lead_Number__c), 5)` மாதிரி ஒரு ஃபார்முலா போட்டு, விடை 0 வந்தா இவர், 1 வந்தா அவர்னு ரூல் எழுதுவாங்க. யாராவது லீவு போனா அட்மின் உள்ளே போய் ரூலை மாத்தணும், வந்ததும் திரும்ப மாத்தணும். மறந்துட்டா லீவில் இருக்கிறவர் பெயரில் லீடு குவியும். இன்னொரு சிக்கலும் உண்டு. யாராவது கையால் ஒரு லீடைப் போட்டுத் தன் பெயரிலேயே வச்சுக்கிட்டாலும் எண் ஒண்ணு ஏறிடும். அந்த எண்ணுக்குரிய ஆளோட முறை சத்தமில்லாம போயிடும்.

சரி, லீவில் இருக்கிறவரை முதலிலேயே லிஸ்டில் இருந்து எடுத்துட்டு, மிச்சம் இருக்கிற நாலு பேரை வச்சு நாலால வகுத்தா என்ன? அது இதைவிடப் பரவாயில்லை. அஞ்சு நாளில் ஆளுக்கு 50 சரியா வந்துடும். ஆனா லிஸ்ட் மாறுற ஒவ்வொரு தடவையும் வரிசை ஒரு குதி குதிக்கும். எண்ணிக்கை 14-ல் இருக்கும்போது அஞ்சு பேர் இருந்தா மீதி 4, லீடு உ-க்கு. அந்த நொடியில் ஆ லீவு ஆகிறார். அடுத்து 15, இப்போ நாலு பேர், மீதி 3, அந்த இடத்தில் இருக்கிறதும் உ. அடுத்தடுத்து ரெண்டு. நாளுக்கு ஒரு தடவை மாறினா பெரிய பிரச்சனை இல்லை. சில ஆபீஸில் சாப்பிடப் போகும்போது, மீட்டிங்குக்குப் போகும்போதெல்லாம் ஒரு பட்டனைத் தட்டி "நான் இல்லை"ன்னு காட்டுவாங்க. அங்கே வரிசை நாள் முழுக்கக் குதிச்சுக்கிட்டே இருக்கும், யாருக்கு எவ்வளவு போகும்னு சொல்லவே முடியாது.

இ வந்து ஒரு நாள் "ப்ரோ, நான் என்ன பாவம் பண்ணேன்"ன்னு கேட்டப்புறம் நான் உட்கார்ந்து மாத்தி எழுதினேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமாச் செய்யுறதா நினைப்பு. எண்ணிக்கையே வேண்டாம், இந்த மாசம் இதுவரை யாருக்குக் குறைவா லீடு போயிருக்கோ அவருக்கு அடுத்தது. இதைவிட சமமா எப்படிப் பிரிக்க முடியும்?

ஆ லீவு முடிஞ்சு வந்தார். அவர் இல்லாத அஞ்சு நாளில் மத்த நாலு பேருக்கும் தலா 50 போயிருக்கு, இவர் கணக்கு அப்படியே நிக்குது. என் புரோகிராம் பார்த்தது: "ஆ 50 லீடு பின்தங்கி இருக்கார்." அதனால் அவர் வந்த காலையில் இருந்து அடுத்த 50 லீடும் வரிசையா அவருக்கே போனது. நாளுக்கு 40-ன்னா, ஒரு நாள் முழுக்கவும் மறுநாள் கொஞ்ச நேரமும் மத்த நாலு பேருக்கும் ஒண்ணுகூட இல்லை. லீவில் இருந்து வந்தவர் மெயில்கூடப் படிக்கலை, அதுக்குள்ளே 50 பேர் "இன்னும் யாரும் கூப்பிடலையே"ன்னு காத்திருக்காங்க. லீடுங்கறது பால் மாதிரி. வந்த சூட்டோட கூப்பிட்டா பேசுவாங்க, மறுநாள் கூப்பிட்டா "வேற இடத்தில் கேட்டுட்டோம்"பாங்க.

புதுசா ஒருத்தர் சேர்ந்தா இதைவிட மோசம். மாசம் 16-ஆம் தேதி ஒருத்தர் சேருறார்னு வைங்க. அதுக்குள்ளே 15 நாளில் 600 லீடு வந்திருக்கும், ஆளுக்கு 120. புது ஆள் கணக்கு 0. அவர் 120-ஐத் தொடுற வரைக்கும் வர்றதெல்லாம் அவருக்குத்தான். மூணு நாள், நாளுக்கு 40 லீடு, பேனலோட விலைகூட இன்னும் மனப்பாடம் ஆகாத ஒருத்தருக்கு! இது எங்க ஆபீஸில் நடக்கலை. அதுக்கு முன்னாடியே ஆ-வோட கதை நடந்து நான் உஷாராயிட்டேன்.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிச்சேன். பிரச்சனை கோடில் இல்லை, நான் எதை ஞாபகம் வச்சிருக்கேன்ங்கறதில்தான். எண்ணிக்கைங்கறது ஒரு கடன் நோட்டு. லீவு போட்டவருக்கும் புதுசா வந்தவருக்கும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி கணக்கு எழுதி, வந்த உடனே மொத்தமாத் திருப்பிக் கொடுக்குது. ஆனா லீவு போட்டவருக்கு நாம லீடு கடன்பட்டிருக்கோமா? சேல்ஸ் மேனேஜரைக் கேட்டேன். "லீவு நாளுக்கு டார்கெட்டையே குறைச்சுடறோம், அப்புறம் எதுக்கு லீடைத் திருப்பிக் கொடுக்கணும்?"னார். இதை நான் கோடு எழுதுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்.

அப்போ எனக்கு ஞாபகம் வந்தது எங்க தெருமுனை ஆட்டோ ஸ்டாண்ட். அங்கே யாரும் எண்ணிக்கை வச்சுக்கிறதில்லை. முன்னாடி நிக்கிற வண்டிக்கு முதல் சவாரி. சவாரி முடிச்சுட்டு வந்தா வரிசையோட கடைசிக்குப் போகணும். இன்னிக்கு ஒருத்தர் வரலைன்னா, வரிசையில் அவர் வண்டியே இல்லை, பின்னாடி இருக்கிற எல்லாரும் ஒரு இடம் முன்னாடி நகர்றாங்க. அவரோட சவாரி எல்லாருக்கும் பரவிடுது, பக்கத்து வண்டிக்கு மட்டும் போறதில்லை. நாலு நாள் கழிச்சு வந்தா "எனக்கு நாலு நாள் சவாரி பாக்கி"ன்னு யாரும் கேட்க முடியாது. புது வண்டி வந்தா, ஸ்டாண்டில் சேர்த்துக்கிட்டா, கடைசியில் நிக்கலாம்.

இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சா போதும்: ஒவ்வொருத்தருக்கும் கடைசியா எப்போ லீடு கொடுத்தோம். யாருக்குக் கொடுத்து ரொம்ப நேரம் ஆச்சோ அவர்தான் வரிசையில் முதல் ஆள்.

```sql
SELECT id FROM agents
WHERE active AND NOT on_leave
ORDER BY last_assigned_at
LIMIT 1;
```

லீடு கொடுத்ததும் அவரோட `last_assigned_at`-ஐ இந்த நொடியா மாத்திடணும், அவ்வளவுதான், அவர் கடைசிக்குப் போயிடுவார். ஆ லீவு போனா அ, இ, ஈ, உ, திரும்ப அ. ஆளுக்கு 50, குதி கிடையாது. ஆ திரும்பி வந்தா அவரோட நேரம்தான் எல்லாரையும்விடப் பழசு, அதனால் வந்ததும் முதல் லீடு அவருக்கு. அது ஒண்ணே ஒண்ணுதான். வாங்கினதும் கடைசிக்குப் போய் எல்லாரோடயும் சேர்ந்துடுவார். ஒரு லீடு சலுகை, யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ஒரே நேரத்தில் ரெண்டு லீடு வந்தா ரெண்டும் ஒரே ஆளை "இவர்தான் முதல்"னு பார்த்துடும், அதனால் லீடு பிரிக்கிற வேலையை மட்டும் ஒண்ணு முடிஞ்சப்புறம் அடுத்ததுன்னு ஒத்தை வரிசையில் ஓட விட்டோம். நாளுக்கு 40 லீடுக்கு அது தாராளம்.

என் லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பாஸ். லீவு போறது, திரும்பி வர்றது, புதுசா ஒருத்தர் சேர்றது, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணேன். லைவில் போட்டேன். பழைய ரெக்கார்டில் இருந்து அஞ்சு பேருக்கும் கடைசி லீடு எப்போன்னு எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன். மூணு வாரம் ஒரு புகார் கிடையாது. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அப்புறம் ஆறாவது ஆள் சேர்ந்தாங்க. ஊ-ன்னு வச்சுப்போம். காலேஜ் முடிச்சு முதல் வேலை, மூணு மாசம் ப்ரொபேஷன். ட்ரெய்னிங் முடிஞ்சு ஒரு திங்கட்கிழமை சிஸ்டத்தில் சேர்த்தாங்க. அதுக்கு அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் என் டேபிள்கிட்ட வந்து நின்னாங்க. "அண்ணா, ஒரு நிமிஷம் டைம் இருக்கா? என் லாகின்ல ஏதாவது ப்ராப்ளம் இருக்கான்னு பார்க்க முடியுமா? எனக்கு லீடே வரமாட்டேங்குது."

அன்னிக்குக் காலையில் ரிவ்யூ மீட்டிங்கில் அவங்களை நிக்க வச்சு, "ஒன்பது நாளாச்சு, ஒரு சைட் விசிட்கூட ஃபிக்ஸ் பண்ணலையே"ன்னு கேட்டிருக்காங்க. லீடு வரலைன்னு சொன்னதுக்கு, "எல்லாருக்கும் சிஸ்டம் தானா கொடுக்குது, உனக்கு மட்டும் எப்படி வராம இருக்கும்? கேட்டு வாங்கத் தெரியணும்"னு பதில். அவங்களும் முதல் வாரம் முழுக்க "புதுசு, அதான் மெதுவா வரும் போல"ன்னு பேசாம இருந்திருக்காங்க. இதுதான் இந்த மாதிரி பக்கில் பயங்கரமான விஷயம். எரர் வராது, சர்வர் விழாது, சிவப்பு லைட் எரியாது. எல்லா லீடும் யாரோ ஒருத்தருக்குப் போய்க்கிட்டே இருக்கும். கிடைக்காதவருக்குத் தனக்குக் கிடைச்சிருக்கணும்ங்கறதே தெரியாது.

டேட்டாபேஸைத் திறந்து வரிசையைப் பார்த்தேன். அஞ்சு பேருக்கும் தேதியும் நேரமும் இருக்கு. கடைசி வரியில் ஊ, அவங்க கட்டம் காலி. அவ்வளவுதான். பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு.

நடந்தது இதுதான். புதுசா வந்தவங்களுக்கு இதுவரை லீடே கொடுக்கலை, அதனால் `last_assigned_at` காலி, டேட்டாபேஸ் பாஷையில் `NULL`. அந்தக் காலிக் கட்டத்தை வரிசையில் எங்கே வைக்கணும்னு ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி நினைக்குது. SQLite-உம் MySQL-உம் காலியை எல்லாத்தையும்விடச் சின்னதா எடுத்துக்கும், அதனால் முதலில் வைக்கும். PostgreSQL காலியை எல்லாத்தையும்விடப் பெருசா எடுத்துக்கும், கடைசியில் வைக்கும். என் லேப்டாப்பில் டெஸ்ட் ஓடினது SQLite. லைவில் ஓடினது PostgreSQL.

டெஸ்டில் புது ஆள் வரிசையில் முதலில் நின்னார், லீடு வாங்கினார், கடைசிக்குப் போனார். லைவில் ஊ கடைசியில் நின்னாங்க. அது மட்டும்னா பரவாயில்லை, ஆட்டோ ஸ்டாண்டிலும் புது வண்டி கடைசியில்தானே நிக்கும்? ஆனா ஸ்டாண்டில் சவாரி முடிச்சு வர்ற வண்டி, புது வண்டிக்குப் பின்னாடி போய் நிக்கும். இங்கே லீடு வாங்கின ஒவ்வொருத்தருக்கும் புது நேரம் விழுது, அது எவ்வளவு புதுசா இருந்தாலும் காலிக் கட்டத்துக்கு முன்னாடிதான். அதனால் ஊ என்னிக்குமே கடைசி. முதல் லீடு கிடைச்சாத்தான் கட்டம் நிரம்பும், கட்டம் நிரம்பினாத்தான் முதல் லீடு கிடைக்கும். முன் அனுபவம் இருந்தாத்தான் வேலைன்னு சொல்ற இன்டர்வியூ மாதிரி. ஒன்பது நாளில் 360 லீடு வந்தது, ஊ-வுக்கு 0.

இதைச் சரிபண்ண ரெண்டு வழி உண்டு. `ORDER BY last_assigned_at NULLS FIRST`-ன்னு எழுதினா காலிக் கட்டம் முதலுக்கு வந்துடும். இன்னொண்ணு, ஆளைச் சேர்க்கும்போதே அந்தக் கட்டத்தில் சேர்ந்த நேரத்தை எழுதிடறது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சது. காலியே இல்லைன்னா, காலியை எங்கே வைக்கிறதுங்கற கேள்வியும் இல்லை, நாளைக்கு யாராவது டேட்டாபேஸை மாத்தினாலும் பயம் இல்லை. அதோட அந்தக் கட்டம் காலியா இருக்கவே கூடாதுன்னு டேபிளிலேயே ஒரு தடை போட்டேன்.

```sql
ALTER TABLE agents
  ALTER COLUMN last_assigned_at SET DEFAULT now(),
  ALTER COLUMN last_assigned_at SET NOT NULL;
```

இதை ஓட்டுறதுக்கு முன்னாடி ஏற்கெனவே காலியா இருக்கிற வரியை நிரப்பணும், இல்லைன்னா PostgreSQL ஒத்துக்காது. ஊ-வோட கட்டத்தை நிரப்பின பத்தாவது நிமிஷம் அவங்களுக்கு முதல் லீடு வந்தது. தாம்பரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு.

இது முடிஞ்சப்புறம்தான் மேனேஜர் ஒரு விஷயம் சொன்னார், அது எனக்குத் தோணவே இல்லை. புது ஆளுக்கு முதல் ரெண்டு வாரம் முழு லீடும் கொடுக்க வேண்டாம், பாதி கொடுத்தா போதும்னார். அதாவது தெரிஞ்சே தாண்டிப் போகணும். தெரியாம தாண்டினதுதான் பக், தெரிஞ்சு தாண்டுறது ரூல். இதுக்குப் பெரிய கணக்கு எதுவும் போடலை. புது ஆளோட முறை வரும்போது ஒரு தடவை லீடு கொடுக்கிறது, அடுத்த தடவை `last_assigned_at`-ஐ மட்டும் மாத்திட்டு "பாஸ்" சொல்லிக் கடைசிக்கு அனுப்பிடறது. ஆறு பேர் இருக்கும்போது இது 11 லீடுக்கு ஒண்ணுன்னு வருது, நாளுக்கு மூணு நாலு. கத்துக்கிற ஆளுக்கு அது சரியான அளவு.

லீவு பக்கமும் ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. லீவு காலண்டரில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. ஆ-வுக்கு 12 முதல் 16 வரை லீவுன்னா, அவர் 11-ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு. ஆனா சோலார் பத்தி ஜனங்க விசாரிக்கிறதே ராத்திரி சாப்பிட்டுட்டு, கரண்ட் பில்லைப் பார்த்துட்டுத்தான். 11-ஆம் தேதி 6 மணியில் இருந்து நள்ளிரவு வரைக்கும் வந்த லீடில் அவர் பங்கு அவருக்கே போய், அஞ்சு நாள் தூங்கும். போதாததுக்கு எங்க சர்வர் நேரம் UTC. நம்ம ஊரில் 12-ஆம் தேதி பிறந்தும், சர்வருக்குக் காலை 5.30 மணி வரை 11-ஆம் தேதிதான். ராத்திரி வந்ததும் சேர்ந்து போனது.

அதனால் லீவுங்கறதைத் தேதியா வைக்காம, நேரமா மாத்தினோம். கடைசியா வேலை பார்த்த நாள் ஷிஃப்ட் முடியுற நேரத்தில் லீவு ஆரம்பம், கடைசி லீவு நாளோட ஷிஃப்ட் முடியுற நேரத்தில் லீவு முடிவு. ஆ-வுக்கு 11-ஆம் தேதி 6 மணி முதல் 16-ஆம் தேதி 6 மணி வரை. 16 ராத்திரி வர்ற லீடு அவருக்கும் போகலாம், மத்தவங்க மாதிரியே 17 காலையில் வந்து கூப்பிடுவார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு இன்னொண்ணு தெரிஞ்சது. ஆறு பேரும் லீவு! மேல போட்ட குவெரி யாரையும் திருப்பித் தரலை, லீடு யார் பெயரிலும் ஏறாம தொங்கிக்கிட்டு இருந்தது. மேனேஜர் பெயரில் ஒரு காத்திருப்பு லிஸ்ட் வச்சு, முதலில் யார் திரும்பி வர்றாங்களோ அன்னிக்கு அதைப் பிரிக்கிற மாதிரி செஞ்சோம். எல்லாம் முதலில் வந்த ஒருத்தருக்கே போயிடாம, ஷிஃப்ட் ஆரம்பிச்சு யார் யார் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம்.

இது எல்லாத்தையும்விட உருப்படியா நான் செஞ்சது ஒரு சின்ன லாக். ஒவ்வொரு லீடுக்கும் யாருக்குக் கொடுத்தோம்ங்கறதோட, யார் யாரை ஏன் தாண்டினோம்னும் எழுதி வைக்கிறது. "ஆ: லீவு. ஊ: ட்ரெய்னிங் பாஸ்." அதோட ஒரு அலாரம்: லீவும் இல்லை, ட்ரெய்னிங்கும் இல்லை, ஆனா வந்த கடைசி 18 லீடில் ஒருத்தருக்கு ஒண்ணுகூடப் போகலைன்னா எனக்கு மெசேஜ் வரணும். ஆறு பேருக்கு 18-ன்னா மூணு சுத்து. மூணு சுத்தில் ஒருத்தர் முறை வரவே இல்லைன்னா அது தற்செயல் கிடையாது. இது முன்னாடியே இருந்திருந்தா, ஊ சேர்ந்த மறுநாளுக்குள்ளேயே எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

உங்க டூலில் இந்த லாக் இல்லைன்னாலும் ஒண்ணு பார்க்கலாம். ஒரு மாசத்து லீடை எக்செலில் இறக்கி, ஆள் வாரியா, நாள் வாரியா எண்ணிப் பாருங்க. மாச மொத்தத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா ஒரு வாரம் டபுளா வந்ததும் இன்னொரு வாரம் ஒண்ணுமே வராததும் மொத்தத்தில் கரைஞ்சுடும். நாள் வாரியாப் பார்த்தா, ஒருத்தர் லீவு எடுத்த அதே நாட்களில் இன்னொருத்தர் எண்ணிக்கை மட்டும் ரெண்டு மடங்கா நின்னா முதல் பக். லீவில் இருந்து வந்த அன்னிக்கு அவருக்கு மட்டும் மலை மாதிரி ஏறினா ரெண்டாவது பக். புது ஆள் பெயரே லிஸ்டில் இல்லைன்னா, உடனே எழுந்து போய் அவர்கிட்ட பேசுங்க.

ஊ-வோட அந்த ஒன்பது நாளுக்கு என்ன பண்றதுன்னு ஒரு பேச்சு வந்தது. 360-ஐ ஆறால வகுத்தா 60 லீடு அவங்களுக்கு வந்திருக்கணும். "சரி, அடுத்த 60-ஐயும் அவங்களுக்கே கொடுத்துடலாமா?"ன்னு மேனேஜர் கேட்டார். நான் வேண்டாம்னேன். அது திரும்பவும் அந்தக் கடன் நோட்டுதான், ஒன்றரை நாளில் 60 லீடைக் கொட்டினா அவங்களால கூப்பிட முடியாது, பாதி வீணாப் போகும், அப்புறம் "லீடு கொடுத்தும் மாத்தலை"ன்னு அதையும் அவங்க கணக்கிலேயே எழுதுவாங்க. அதுக்குப் பதிலா, லாகை எடுத்து வச்சு, தப்பு என் கோடில்தான்னு மெயில் போட்டேன், ரிவ்யூ மீட்டிங்கில் இருந்த எல்லாருக்கும் காப்பி வச்சு. அவங்க ப்ரொபேஷனை முதல் லீடு வந்த அந்தப் புதன்கிழமையில் இருந்து எண்ண ஆரம்பிச்சாங்க, முதல் மாச டார்கெட்டில் ஒன்பது நாளைக் கழிச்சாங்க. தாம்பரத்து வாத்தியார் வீட்டுக்கு மூணு கிலோவாட் போட்டாச்சு. அது அவங்களோட முதல் ஆர்டர்.